உருண்டது எது, உருட்டியது யார்?

சமையலறையில் கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்கிறது. அம்மா ஓடி வருகிறாள். நான்கு வயதுப் பிள்ளை முந்திக்கொள்கிறது: “நான் உடைக்கலம்மா, அதுவா உடைஞ்சிருச்சு.” அம்மா விடுவாளா? “அதுவா எப்படிடா உடையும்? நீதான் உடைச்சிருப்பே.” அந்தப் பிள்ளைக்கு ‘அ’ எழுதக்கூட இன்னும் வராது. ஆனாலும் பழியிலிருந்து தப்ப ‘உடைச்சேன்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘உடைஞ்சிருச்சு’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

அதே பிள்ளை வளர்ந்து, “பிறவினைத் தொடரைக் கண்டறிக” என்ற கேள்வியின் முன் உட்காரும்போது தடுமாறுகிறது. தமிழ்நாட்டில் பள்ளித் தேர்வுகளிலும் டிஎன்பிஎஸ்சி பொதுத்தமிழிலும் பழக்கமான கேள்வி இது. தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை என்று நான்கையும் ஒரே கட்டில் கட்டிப் பாடத்திட்டத்தில் வைத்திருப்பதால், படிப்பவர்கள் நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பத்திலிருந்து தப்ப ஒரு குறுக்கு வழியும் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது: “எழுத்து இரட்டித்தால் பிறவினை.” இந்தச் சூத்திரத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் மதிப்பெண்ணைக் காவு வாங்குகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ‘பந்து உருண்டது’ என்னும்போது உருளுதல் என்ற செயல் எழுவாயான பந்துக்கே நடக்கிறது, இது தன்வினை. ‘சிறுவன் பந்தை உருட்டினான்’ என்றால் எழுவாய் சிறுவன், உருண்டது பந்து. எழுவாய் செய்ததன் பயன் இன்னொன்றின் மேல் போய் விழுகிறது, இது பிறவினை. ஆக, கேட்க வேண்டிய கேள்வி எளியது. உருண்டது யார்? ஓடியது யார்? திருந்தியது யார்? விடை எழுவாயாக இருந்தால் தன்வினை, வேறொருவராக இருந்தால் பிறவினை.

இனி எழுத்தின் கதை. ஆடு, ஓடு, வாடு, கூடு ஆகிய வினைகளில் கடைசி வல்லின மெய் இரட்டித்தால் ஆட்டு, ஓட்டு, வாட்டு, கூட்டு என்றாகின்றன. மாறு, ஏறு, தேறு என்பவை மாற்று, ஏற்று, தேற்று ஆகின்றன. உருகு உருக்கு ஆகிறது, பெருகு பெருக்கு ஆகிறது. மயில் ஆடியது, தாய் தொட்டிலை ஆட்டினாள். வெண்ணெய் உருகியது, பாட்டி வெண்ணெயை உருக்கினாள். மெய் ஒன்று இரண்டானதும், செயலுக்கு வெளியே நின்று அதை நடத்தும் ஓர் ஆள் வந்து சேர்ந்துவிடுகிறார்.

இன்னொரு கூட்டம், மெல்லினமும் வல்லினமும் சேர்ந்து நிற்கும் சொற்கள். திருந்து, வருந்து, அடங்கு, இறங்கு, நிரம்பு, திரும்பு. இவற்றில் மெல்லினம் தன் இனமான வல்லினமாக மாறிவிடுகிறது: திருத்து, வருத்து, அடக்கு, இறக்கு, நிரப்பு, திருப்பு. குடம் நிரம்பியது, குடத்தை நிரப்பினாள். உருள், மிரள், சுழல், கழல் போன்ற ளகர, லகர ஈற்றுச் சொற்களும் உருட்டு, மிரட்டு, சுழற்று, கழற்று என்று கடைசியில் வல்லெழுத்து இரட்டையிலேயே வந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளி மாணவருக்காக எழுதிய இலக்கணச் சுருக்கத்தில் இந்த வழிகளையெல்லாம் வகைப்படுத்திச் சொல்லியிருக்கிறார். இன்றைய கையேடுகள் பலவற்றுக்கும் அதுவே பாட்டன்.

மூன்றாவது வகைதான் பேச்சில் அதிகம் புழங்குவது. உடை, எரி, கலை, வளர், சேர், மறை என்ற வினைகளுக்குப் பகுதி ஒன்றுதான். தன்வினைக்கும் பிறவினைக்கும் அது பொது. வேறுபாடு காலம் காட்டும் எழுத்துகளில் இருக்கிறது. உடைந்தது – உடைத்தது, உடைகிறது – உடைக்கிறது, உடையும் – உடைக்கும். முக்காலத்திலும் ஒரே ஒழுங்கு: தன்வினையில் மெலிந்த ஓசை, பிறவினையில் வல்லின இரட்டை. பேச்சில் ‘ந்த’ ‘ஞ்ச’ ஆகவும், ‘த்த’ ‘ச்ச’ ஆகவும் மாறிப்போனாலும் உடைஞ்சுது, உடைச்சான் என்று மெல்லினமும் வல்லினமும் தத்தம் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

‘கெடுவான் கேடு நினைப்பான்’ என்ற பழமொழியை எல்லோரும் சொல்கிறோம். இதில் ‘கெடுவான்’ என்பதைப் பிறரைக் கெடுப்பவன் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படியானால் ‘கெடுப்பான்’ என்றல்லவா இருக்க வேண்டும்? வகரம் வந்திருப்பதால் இது தன்வினை. தானே கெட்டழியப் போகிறவன்தான் பிறருக்குக் கேடு நினைப்பான் என்பது பொருள். ஒரு ‘ப்ப்’ பழமொழியையே கவிழ்த்துவிடும்.

இந்த ஒழுங்கு மிகப் பழையது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், வல்லெழுத்து இரட்டித்துப் பிறவினை ஆவதை இம்மொழிகளுக்கே உரிய முறைகளில் ஒன்றாக எடுத்துப் பேசினார். தொல்காப்பியத்தில் இதைவிடச் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. பகரத்தின் மேல் முற்றுகரம் ஏறி முடியும் சொல் ஒன்றே ஒன்றுதான் என்றும், அது இரண்டு பொருள் தரும் என்றும் எழுத்ததிகாரம் சொல்கிறது. உரையாசிரியர்கள் அந்தச் சொல் ‘தபு’ என்று காட்டுகிறார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னால் ‘நீ சா’ என்று பொருள். குரலை உயர்த்திச் சொன்னால் ‘இன்னொன்றைச் சாகச் செய்’ என்று பொருள். எழுத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே தன்வினையும் பிறவினையும் பிரிந்து நின்ற சொல் அது.

இப்போது அந்தக் குறுக்கு வழிச் சூத்திரத்துக்கு வரலாம். தமிழில் வல்லின இரட்டை பிறவினைக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. அது பல வேலை பார்க்கும் கூலியாள். வீடு என்பது ‘வீட்டை’ என்று ஆகும்போதும், ஆறு ‘ஆற்றில்’ என்று ஆகும்போதும் இரட்டிப்பது அதே டகரமும் றகரமும்தான். இரும்பு ‘இருப்புப்பாதை’ ஆவதும், மருந்து ‘மருத்துவம்’ ஆவதும், நிரம்பு ‘நிரப்பு’ ஆவது போன்ற அதே மெல்லின வல்லின மாற்றம்தான். அங்கெல்லாம் யாரும் யாரையும் எதையும் செய்விக்கவில்லை. பெயர்ச்சொல் அடுத்த உறுப்போடு சேர்வதற்கு அணியமாகிறது, அவ்வளவே.

வினையிலிருந்து பெயர் பிறக்கும்போதும் இதே இரட்டைதான். வருந்து என்பதிலிருந்து ‘வருத்தம்’, மயங்கு என்பதிலிருந்து ‘மயக்கம்’, வாடு என்பதிலிருந்து ‘வாட்டம்’. ‘அவருக்கு மயக்கம் வந்தது’ என்றால் மயங்கியவர் அவரே. அவரை யாரும் மயக்கவில்லை. ‘ஓட்டம்’ ஓடுகிறவனுடையது, ‘ஓட்டுநர்’ வண்டியை ஓட்டுகிறவர். இரண்டிலும் ‘ஓட்டு’ என்ற ஓசை இருந்தும் ஒன்று தன்வினைப் பக்கம், மற்றொன்று பிறவினைப் பக்கம்.

இறந்தகாலத்தைக் காட்டுவதற்கும் இரட்டித்தல் உண்டு. கெடு ‘கெட்டான்’ ஆகிறது, விடு ‘விட்டான்’ ஆகிறது, பெறு ‘பெற்றான்’ ஆகிறது. இங்கே இரட்டை சொல்வது காலத்தை மட்டும். ‘பால் கெட்டது’ என்ற தொடரைப் பார்த்து, டகரம் இரட்டித்திருக்கிறது என்று பிறவினையைக் குறித்துவிட்டு வருபவர், தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொள்வார். அதன் பிறவினை ‘கெடுத்தது’.

இனி ஒரு கேள்வியை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். பிறவினைத் தொடரைக் கண்டறிக என்று கேட்டு, நான்கு விடைகள் தரப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அ) குழந்தை தொட்டிலில் படுத்தது. ஆ) தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். இ) குழந்தை பாலைக் குடித்தது. ஈ) குழந்தை தாயைப் பார்த்துச் சிரித்தது. நான்கின் முற்றுவினையிலும் ‘த்த’ இருக்கிறது. எழுத்து இரட்டித்தால் பிறவினை என்று மனப்பாடம் செய்தவருக்கு நான்குமே விடையாகத் தெரியும்.

முதற்படி, வினையை நிகழ்காலத்துக்கு மாற்றுவது. படுக்கிறது, கிடத்துகிறாள், குடிக்கிறது, சிரிக்கிறது. மூன்றில் ‘த்த’ மறைந்துவிட்டது; ஆகவே அது காலத்தோடு வந்து போகும் எழுத்து. ‘கிடத்துகிறாள்’ என்பதில் மட்டும் ‘த்து’ அசையாமல் நிற்கிறது. அது பகுதியோடு ஒட்டியது. கிட என்ற வினை ‘கிடத்து’ ஆகியிருக்கிறது. நட ‘நடத்து’ ஆனதும், படு ‘படுத்து’ ஆனதும் இதே வழியில்தான்.

இந்தப் படியோடு நிறுத்திவிடவும் கூடாது. காலத்தோடு வந்துபோகும் இரட்டையும் சில சமயம் பிறவினையைக் காட்டும் என்பதை ‘உடைத்தான்’ வகையில் பார்த்தோம். எனவே இரண்டாம் படி, மெலிந்த ஓசையில் இணை ஒன்று வழக்கில் இருக்கிறதா என்று சொல்லிப்பார்ப்பது. உடைத்தான் என்றால் ‘உடைந்தது’ என்று சொல்ல முடிகிறது. குடித்தது என்பதற்குக் ‘குடிந்தது’ என்று ஒன்று உண்டா? ‘சிரிந்தது’, ‘படுந்தது’ என்று யாராவது பேசுகிறார்களா? காது உடனே மறுத்துவிடும். இணை இல்லாத இரட்டை பிறவினைக்குச் சான்றாகாது. இணை இருந்தாலும் பொருள் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘தூசு படிந்தது’, ‘பையன் படித்தான்’ என்ற இரண்டும் பார்வைக்கு உடைந்தது, உடைத்தான் போலவே இருக்கின்றன. ஆனால் பையன் எதையும் படியச் செய்யவில்லை.

மூன்றாம் படி, முன்பு சொன்ன அதே கேள்வி. படுத்தது யார்? குழந்தை, அதுவே எழுவாய். குடித்தது, சிரித்தது யார்? அதே குழந்தை. கிடப்பது யார்? குழந்தை, ஆனால் எழுவாய் தாய். விடை ‘ஆ’ என்று உறுதியாகிறது.

இந்தக் கேள்வியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘பாலைக் குடித்தது’ என்பதில் ‘ஐ’ உருபு வந்திருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. செயப்படுபொருள் இருந்தால் பிறவினை என்று நம்புகிறவர்கள் ஏராளம். அப்படியில்லை. பாலைக் குடித்ததால் வயிறு நிரம்பியது குழந்தைக்குத்தான். குடித்தல் எழுவாயோடு நின்றுவிட்டது. இன்னும் தெளிவான சான்று, ‘அவன் ஆற்றைக் கடந்தான்’ என்ற தொடர். ஐ உருபு இருக்கிறது. ஆனாலும் கரை மாறியவன் அவன்தான், ஆறு இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘சரக்கைக் கடத்தினான்’ என்றால்தான் இடம் மாறியது சரக்கு. மொழியியல் அறிஞர் கு. பரமசிவம் இத்தகைய தொடர்களைக் கூர்ந்து ஆராய்ந்து, செயப்படுபொருள் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இந்த வினை இணைகளைப் பிரிக்க முடியாது என்று காட்டினார். ‘இக்காலத் தமிழ் மரபு’ நூலில் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என்று அழைத்தார். இயங்கு, இயக்கு என்ற பெயர்களே நாம் பேசும் இணைக்கு எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டன. பாடநூல்களும் இந்தப் பெயர்களுக்கு மாறியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

சூடு என்ற வினை இதற்கு அழகான துணை. ‘இளவரசன் முடி சூடினான்’ என்றால் முடி அவன் தலையில். ‘அமைச்சர்கள் இளவரசனுக்கு முடி சூட்டினார்கள்’ என்றால் முடி வேறொருவர் தலையில். இரண்டிலும் முடி என்ற செயப்படுபொருள் இருக்கிறது, மாறுவது தலைதான். உண், ஊட்டு என்ற இணையும் இப்படியே. உண்டவளும் சோற்றைத்தான் உண்டாள், ஊட்டியவளும் சோற்றைத்தான் ஊட்டினாள்.

செய்வினை, செயப்பாட்டுவினை என்பது இதிலிருந்து வேறான பிரிவு. ‘கடை எரிந்தது’ என்று செய்தியில் வந்தால் மின்கசிவோ என்று தோன்றும். ‘கடையை எரித்தனர்’ என்றால் எரித்தவர்கள் உண்டு. ‘கடை எரிக்கப்பட்டது’ என்றால் எரித்தவர்கள் உண்டு, ஆனால் யார் என்று செய்தியாளர் சொல்லவில்லை. மூன்றாவது தொடரில் ‘எரிக்க’ என்று ககரம் இரட்டித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘எரியப்பட்டது’ என்று யாரும் எழுதுவதில்லை. உடை, எரி போன்ற இணைகளில் செயப்பாட்டுவினை பிறவினைப் பக்கத்திலிருந்துதான் கிளைக்கும். செய்தி படிக்கும்போது ‘ஆட்சி கவிழ்ந்தது’ என்று எழுதும் இதழ் எது, ‘ஆட்சியைக் கவிழ்த்தனர்’ என்று எழுதும் இதழ் எது என்று பார்த்தாலே அதனதன் சாய்வு தெரிந்துவிடும்.

பாடநூல்கள் இப்போது மூன்றாவதாகக் காரணவினை என்று ஒன்றையும் சொல்கின்றன. பந்து உருண்டது, பந்தை உருட்டினான், பந்தை உருட்டவைத்தான். கடைசித் தொடரில் எழுவாய் பந்தைத் தொடவே இல்லை. இன்னொருவரை ஏவி உருட்டச் செய்கிறான். பழைய இலக்கணத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் ‘வி’, ‘பி’ என்ற விகுதிகள் செய்தன: செய்வித்தான், கற்பித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், இந்த விகுதிகள் தனியாக வந்தால் ஓர் ஏவல், இரண்டும் இணைந்து வந்தால் ஏவலின் மேல் ஏவல் என்று விதித்தார். ‘செய்விப்பி’ என்றால், ஒருவனைக்கொண்டு இன்னொருவனைச் செய்ய வைக்கச் சொல்வது. மேலதிகாரி கீழதிகாரியிடம் சொல்லி, அவர் கடைநிலை ஊழியரிடம் சொல்லும் நம் அலுவலக முறைக்குப் பொருத்தமான இலக்கணம் அது. ஆனால் வழக்கிலிருந்து போய்விட்டது. இன்று அந்த இடத்தை ‘வை’, ‘செய்’ என்ற துணைவினைகள் பிடித்துக்கொண்டன.

இரட்டித்து வந்த பிறவினைக்கும் ‘வை’ சேர்ந்த பிறவினைக்கும் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. ‘பாட்டியைப் பேருந்தில் ஏற்றினான்’ என்றால் கைகொடுத்துத் தூக்கிவிட்டது கண்முன் வருகிறது. ‘பாட்டியைப் பேருந்தில் ஏறவைத்தான்’ என்றால் பாட்டி தன் காலால் ஏறினாள். அவன் சொல்லியோ கெஞ்சியோ ஏறச் செய்தான். மூட்டையை ‘ஏற்றலாம்’. மூட்டையை ‘ஏறவைத்தான்’ என்றால் கேட்பவர் சிரிப்பார். ஏறுவதற்கு மூட்டைக்கு மனம் ஏது?

காலப்போக்கில் பிரிந்துபோன இணைகளும் உண்டு. தூங்கு என்றால் ஒருகாலத்தில் தொங்குதல். அதன் பிறவினை தூக்கு, தொங்கவிடுதல். தூக்கிலிடுதல் என்பதில் அந்தப் பழம்பொருள் இன்றும் இருக்கிறது. பிறகு தூங்கு உறக்கத்தின் பக்கம் போய்விட்டது, தூக்கு மேலே எடுப்பதன் பக்கம் போய்விட்டது. ‘குழந்தையைத் தூக்கினாள்’ என்றால் இன்று யாருக்கும் உறங்கச் செய்தாள் என்று தோன்றாது. அதற்குத் ‘தூங்கவைத்தாள்’ என்று வேறு சொல் தேவைப்படுகிறது. எழுத்தை மட்டும் பார்த்து ‘தூங்கு என்பதன் பிறவினை தூக்கு’ என்று இன்றைய தமிழுக்கு எழுதுவது தவறு. எல்லா வினைக்கும் இணை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் அப்படியே. பாடு இரட்டித்தால் பாட்டு என்ற பெயர்தான் கிடைக்கும். பிறரைப் பாடச் செய்தல் என்று ஒரு வினை கிடைக்காது. தேடு, நாடு, கூறு போன்றவற்றுக்கும் அப்படியொரு பிறவினை இணை இல்லை.

கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தனிச்சொல்லைக் கொடுத்துத் தன்வினையா பிறவினையா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ‘சேர்’ என்று மட்டும் கேட்டால், ‘குழுவில் சேர்’ என்பதும் ‘குழம்பில் உப்புச் சேர்’ என்பதும் ஒரே எழுத்துதான். ‘வளர்’ என்பதும் அப்படியே. இத்தகைய கேள்விக்கு இரண்டு விடையும் சரி. எழுவாயோடு முழுத்தொடரைக் கொடுத்து, காலம் காட்டும் முற்றுவினையையும் கொடுத்துக் கேளுங்கள். அப்போதுதான் பட்டியலை மனப்பாடம் செய்தவரும் தொடரைப் படித்துப் புரிந்துகொண்டவரும் தனித்தனியே தெரிவார்கள்.